லைட் அடித்தால் ரோடு உங்களுடையது ஆகிவிடாது

இருவழிச் சாலையில் எதிரே ஒரு கார் பஸ்ஸை ஓவர்டேக் செய்ய வெளியே வருகிறது. நம்மைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்காமல் படபடவென்று ஹை பீம் அடிக்கிறது. 'நான் வர்றேன், நீ ஒதுங்கு' என்று அர்த்தம். இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, கார் 80-இல். வித்தியாசம் 20 தான். பின்னால் 15 மீட்டரில் வெளியே வந்து, பஸ்ஸைத் தாண்டி, முன்னால் 15 மீட்டர் விட்டு உள்ளே வர எட்டு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தக் கார் 180 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 80-இல் வரும் நாமும் அதே தூரம் வந்திருப்போம். ஆக, குறைந்தது 360 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். 200 மீட்டர்தான் இருக்கிறது என்றால், லைட் அடித்து மீதியை வரவழைக்க முடியாது. அந்தக் குறையை நான் பிரேக் போட்டும், மண்ணில் இறங்கியும் ஈடுகட்ட வேண்டும். அந்த மண்ணில்தான் டூவீலர்காரரும், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் வருகிறார்கள். எதிரே வருபவருக்கு இடைஞ்சல் இல்லாதபோதுதான் முந்த வேண்டும் என்பது சட்டம். லைட் அடித்தால் விதிவிலக்கு என்று அதில் எங்கும் இல்லை.

அதைவிட ஆபத்து, அந்த வெளிச்சத்துக்கு ஒரே அர்த்தம் கிடையாது என்பது. 'டிம் பண்ணு' என்பதற்கும் அடிக்கிறோம், 'முன்னால போலீஸ் நிக்குது' என்பதற்கும் அடிக்கிறோம், லாரிக்காரர் 'நீ போ' என்று வழிவிடவும் அடிக்கிறார். பிரிட்டனில் பெரும்பாலும் 'நீங்க போங்க' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஊருக்கு வந்து கார் ஓட்டுபவர், இங்கே 'ஒதுங்கு' என்று அடித்த லைட்டைப் பார்த்துத் திரும்பினால் என்ன ஆகும்? அங்கேயும் 'ஹைவே கோடு' என்ற சாலை விதிப் புத்தகம், 'நான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே லைட் அடி, வேறு சேதி சொல்லவோ மிரட்டவோ அடிக்காதே என்கிறது. லைட் அடித்தார்கள் என்று நம்பிக் கிளம்பாதே என்றும் சொல்கிறது.

மலைப்பாதையில் இது இன்னும் தெளிவு. கொல்லிமலை மாதிரியான ஏற்றத்தில், இரண்டு வண்டி போக இடமில்லாத இடத்தில் இறங்குபவர்தான் நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். யார் முதலில் லைட் அடித்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. ராத்திரியில் வளைவுக்கு முன்னால் ஒரு தரம் அடித்துக்காட்டுவது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. அடித்துவிட்டு வேகத்தைக் குறைக்காமல் வளைவதுதான் தப்பு.

எதிரே யாராவது அப்படி அடித்துக்கொண்டு வந்தால் நான் உடனே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுப்பேன், இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஓரம் கட்டுவேன். பதிலுக்கு மட்டும் லைட் அடிக்கவே மாட்டேன். 'சரி, வா' என்று அவர் அதை எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது.