புகைப்படத்துக்குக் கீழே பெயர்களை எழுதுங்கள்

இந்த விடுமுறையில் என் முகநூல் பக்கம் முழுக்கப் பள்ளி நண்பர்கள் சந்திப்புப் படங்கள்தான். எல்லாவற்றையும் ஆசையாகப் பார்க்கிறேன். கீழே எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் மனசு சுருங்கிவிடுகிறது. "காலங்கள் மாறினாலும் நட்பு மாறாது", "மலரும் நினைவுகள்", "பிரிந்த பறவைகள் மீண்டும் கூட்டில்". இந்த வரியை எடுத்து எந்த ஊர்ப் பள்ளிப் படத்துக்குக் கீழும் வைக்கலாம், பொருந்தும். படத்தில் இருக்கும் முப்பது பேரில் ஒருவர் பெயர்கூட இருக்காது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் படத்துக்குக் கீழே கவிதை வேண்டாம், பெயர்களை எழுதுங்கள்.

நம் பள்ளிகளில் ஆண்டுக் கடைசியில் எடுத்த குரூப் போட்டோ ஞாபகம் இருக்கிறதா? ஸ்டூடியோக்காரர் கெட்டி அட்டையில் ஒட்டித் தருவார். கீழே சின்ன எழுத்தில் "அமர்ந்திருப்பவர்கள் (இடமிருந்து வலம்)", அப்புறம் "நிற்பவர்கள், முதல் வரிசை", "இரண்டாம் வரிசை" என்று எல்லோர் பெயரும் அச்சாகி இருக்கும். என்னிடம் 1997-இல் எடுத்த பத்தாம் வகுப்புப் படம் இருக்கிறது. அட்டையின் ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆனாலும் இரண்டாம் வரிசையில் நாலாவதாக நிற்பது யார் என்று என் மகள் என்னைக் கேட்காமலே படித்துச் சொல்கிறாள். அந்தப் பெயர் வரிசையை எழுதிக் கொடுத்த வகுப்பாசிரியருக்கு இப்போது நன்றி சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் சந்திப்பு 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, அதே பள்ளியின் வேப்பமரத்தடியில். வந்தது முப்பத்தோரு பேர். படத்தைப் பதிவேற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதும்போதுதான் இது எவ்வளவு யோசிக்க வேண்டிய வேலை என்று புரிந்தது.

முதலில் எங்களை நாங்களே என்னவென்று சொல்லிக்கொள்வது? பலரும் "1999 பேட்ச்" என்று போடச் சொன்னார்கள். அது பிளஸ் டூ முடித்த வருடம். ஆனால் எங்களில் பதினோரு பேர் பிளஸ் டூ வரவே இல்லை. சிலர் பத்தாவதில் தவறியவர்கள், சிலர் ஐ.டி.ஐ. போனவர்கள், இரண்டு பெண்களுக்குப் பதினாறு வயதிலேயே கல்யாணம். "1999 பேட்ச்" என்று எழுதினால் படத்தில் நிற்கும் இந்தப் பதினோரு பேரும் அந்தச் சொல்லுக்கு வெளியே போய்விடுவார்கள். அதனால் "1996–97, பத்தாம் வகுப்பு 'அ' பிரிவில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள்" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, இப்போது மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் நண்பன் போன் செய்தான். "நானும் இதுல வர்றேன்ல?" என்று கேட்டான். வேறு எதுவும் பேசவில்லை, வைத்துவிட்டான்.

அடுத்து முதலெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். எங்கள் வகுப்பிலேயே மூன்று செந்தில்குமார். வருகைப் பதிவேட்டில் பி., எம்., கே. என்ற எழுத்துதான் ஆளைப் பிரித்தது. பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். கல்யாணத்துக்குப் பிறகு பலருக்குக் கணவர் பெயரின் எழுத்து வந்துவிடுகிறது. ஆர். மகேஸ்வரி என்று நமக்குத் தெரிந்தவள் இன்று எஸ். மகேஸ்வரி. பழைய தோழி யாராவது தேடினால் ஆள் கிடைக்கவே மாட்டாள். வகுப்புத் தோழிகள் தொடர்பில் இல்லாமல் போனதற்கு இந்த ஓர் எழுத்து மாற்றமும் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதனால் சம்மதித்தவர்களுக்கு "ஆர். மகேஸ்வரி, இப்போது எஸ். மகேஸ்வரி" என்று இரண்டையும் எழுதினேன். பெயரே வேண்டாம் என்ற இரண்டு பேருக்கு "வகுப்புத் தோழி" என்று மட்டும். படத்தைப் பொதுவில் போடலாமா என்பதையும் பதிவேற்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்டப்பெயர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நாங்கள் தவறினோம். நான் எழுதி முடிப்பதற்குள் இன்னொரு நண்பர் ஆர்வத்தில் அதே படத்தைப் போட்டு, எல்லோருக்கும் பட்டப்பெயரால் தலைப்பு எழுதிவிட்டார். ஒருவனை அன்று அவன் நிறத்தை வைத்துக் கூப்பிடுவோம். அதுவும் அதில் இருந்தது. கீழே ஐம்பது சிரிப்புக் குறிகள். காலையில் பார்த்தால் அவன் வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போயிருந்தான். போன் செய்தபோது, "பொண்ணு படிச்சிட்டு, உன்னை இப்படியாப்பா கூப்பிடுவாங்கன்னு கேட்டா" என்றான். இருபத்தேழு வருடம் கழித்து மாலை போட்டு வரவேற்றுவிட்டு, மறுநாளே அதே காயத்தில் கையை வைத்துவிட்டோம். பதிவை எடுத்தோம், நாலு பேர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம், திரும்பி வந்தான். நிறம், உடல், வறுமை, சாதி இதில் எதையாவது தொட்டு வந்த பட்டப்பெயரைத் தயவுசெய்து எழுதாதீர்கள். ஆள் தானாகவே சொல்லிச் சிரிக்கும் பெயர் என்றால் மட்டும், அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பெயர்களை வரிசைப்படுத்தும்போது இடமிருந்து வலம் என்பது படத்தைப் பார்ப்பவரின் இடதுபுறம். செல்ஃபி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். சில போன்கள் முன் கேமரா படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் சேமிக்கும். பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள், எழுத்து இடம் வலமாக மாறித் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. உங்கள் நினைவிலிருந்து வரிசையை எழுதினால் எல்லாப் பெயரும் ஆள் மாறிவிடும்.

டேக் செய்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. கணக்கை மூடிவிட்டால் டேக் பயன்படாது, முகநூலே இல்லாதவர்களை டேக் செய்யவும் முடியாது. எங்களில் ஒன்பது பேருக்குக் கணக்கு இல்லை. அப்புறம், பத்துப் படம் சேர்த்துப் போட்டு மேலே மட்டும் எழுதினால், ஒரு படத்தைத் தனியாகத் திறப்பவருக்கு அந்த எழுத்து தெரியாது. முக்கியமான குரூப் படத்துக்கு அதற்கென்றே தனி விவரம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கேலரியில் சேமிக்கும்போது படம் மட்டும்தான் போகும், கீழே எழுதியது போகாது. அதனால் பெயர்களைப் படத்தின் அடியிலேயே வெள்ளைப் பட்டையில் தட்டச்சு செய்து இன்னொரு பிரதியும் வைத்தோம், பழைய ஸ்டூடியோ அட்டை மாதிரி.

கடைசி இரண்டு வரிகள் எழுதத்தான் அதிக நேரம் ஆனது. "வர இயலாதவர்கள்" என்று எட்டுப் பேர். "நம்மிடையே இல்லாதவர்கள்" என்று மூன்று பேர். அந்த மூன்று வீட்டுக்கும் முன்பே பேசி அனுமதி வாங்கினோம். ஒரு வீட்டில் அவன் அம்மா, பெயரை எப்படி எழுதுவோம் என்று படித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன். "அவனுக்கு இனிஷியல் டி, நீங்க ஜி-ன்னு போட்டிருக்கீங்க" என்றார். அங்கேயே திருத்தினேன்.

எங்கள் 1997 படத்தில் பின்வரிசை வலது ஓரத்தில் நிற்பவன் அரையாண்டுக்குப் பிறகு வந்து சேர்ந்தவன். கரையான் தின்றது அவன் பெயர் இருந்த மூலையைத்தான். ஆசிரியர்கள் உட்பட யாருக்கும் நினைவில்லை. பழைய படத்தையும் புதுப் படத்தோடு போட்டு, அந்த இடத்தில் "பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருப்பான். யாருக்காவது தெரியுமா?