ஆச்சிக்கு இருமல் இருந்தது, அண்ணாச்சி

இரண்டு நாளாக எல்லார் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிற, விறகடுப்பைப் புகழ்ந்து ஓர் அண்ணாச்சி பேசுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். எந்த வீடியோ என்று கேட்பவர்கள் புண்ணியவான்கள், அப்படியே போய்விடுங்கள்.

நான் பேசாமல்தான் இருந்தேன். என் அத்தான் அதைப் பகிர்ந்து, என்னையும் டேக் செய்து, "அத்தைய ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்துட்டு அலையுதியே, இதப் பாரு" என்று எழுதியிருந்தார். அதற்கு நாற்பத்து மூன்று சிரிப்பு. அந்தச் சிரித்தவர்களில் பாதிப் பேர் என் அம்மா கையால் சாப்பிட்டவர்கள்.

அண்ணாச்சி வீடியோவில் சொல்வது இதுதான்: நம் ஆச்சிகள் விறகடுப்பில் சமைத்தார்கள், தொண்ணூறு வயது வரைக்கும் இருமல் தும்மல் இல்லாமல் இருந்தார்கள், கேஸ் வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு வீசிங் வந்தது. அவர் பேசும்போது பின்னால் ஓர் அம்மா குத்தவைத்து அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறார். மூன்று நிமிடம் தாண்டியதும் ஓர் இடத்தில் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புகிறார். அந்த இடத்தில் புல்லாங்குழல் சத்தம் கொஞ்சம் கூடுகிறது. போய் இன்னொரு தடவை பாருங்கள்.

ஆச்சிக்கு இருமல் இருந்தது, அண்ணாச்சி. என் ஆச்சி தெருமுனை திரும்பும்போதே பட்டாசலில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். கொலுசுச் சத்தத்தை வைத்து அல்ல, இருமலை வைத்து. "ஆச்சி வந்துட்டா, காபியப் போடு" என்பார்கள். அதற்கு நோய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வயசானால் இருமும், அவ்வளவுதான். பெயர் வைக்காததால் இல்லை என்று ஆகிவிடுமா?

இனி அம்மா கதை. இதைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். அத்தான் தொடங்கி வைத்துவிட்டார், நான் என்ன செய்ய.

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். அம்மா பதினாறு வயதில் கல்யாணமாகி அந்த அடுப்படிக்குள் போனாள். ஆறடிக்கு எட்டடி, ஒரே ஒரு ஜன்னல், அதுவும் மாட்டுத்தொழுவம் பார்த்தது. எரிப்பது உடைமுள்ளு, தென்னை மட்டை, கொதும்பு, மழைக்காலத்தில் கையில் கிடைத்தது எல்லாம். ஈர மட்டை எரியாது, புகையும். புகைந்தால் ஊத வேண்டும். ஊத வேண்டுமென்றால் முகத்தை அடுப்புக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும். இடுப்பில் நான் இருந்திருக்கிறேன், எனக்குப் பிறகு தம்பி இருந்திருக்கிறான்.

நாற்பத்தெட்டு வயதில் இருமல் ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம், சளியோடு. மார்கழியில் கூடுதல். பெரியவர்களுக்கு எட்டு வாரத்துக்கு மேல் இருமினால் அது நாள்பட்ட இருமல் என்பது மருத்துவக் கணக்கு, பிள்ளைகளுக்கு நாலு வாரம். அம்மா பத்து வருஷம் இருமினாள். இரண்டு தடவை சளி எடுத்து டி.பி. பார்த்தார்கள், இல்லை. அதில் குற்றம் சொல்ல மாட்டேன், இரண்டு வாரம் இருமினாலே டி.பி. பார்க்கத்தான் வேண்டும். எக்ஸ்ரே எடுத்தார்கள், "கிளியரா இருக்கும்மா" என்றார்கள். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று ஒருத்தர் கேட்டார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். இல்லை என்றதும் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. சிவப்பு டானிக் ஒன்று, பச்சை டானிக் ஒன்று.

அடுப்பு எங்கே இருக்கிறது என்று பத்து வருஷத்தில் ஒருத்தர் கேட்கவில்லை.

கேட்டவர் பாளையங்கோட்டையில் ஒரு நெஞ்சு டாக்டர். பேர் சொல்லவில்லை, கூட்டம் சேர்ந்துவிடும். "எத்தன வருஷம் வெறகு எரிச்சிய? ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம்?" அம்மா விரலை மடக்கி எண்ணினாள். பதினாறிலிருந்து ஐம்பத்தெட்டு வரை நாற்பத்திரண்டு வருஷம், காலையும் மாலையும் சேர்த்து நாலு மணி நேரம். இரண்டையும் பெருக்கி, தாளில் 168 என்று எழுதினார். சிகரெட் குடிப்பவனுக்கு பாக்கெட் கணக்குப் போடுவது மாதிரி விறகு எரிப்பவளுக்கு இது கணக்காம். மைசூர்ப் பக்கக் கிராமங்களில் பெண்களிடம் எடுத்த ஆய்வில், இந்தக் கணக்கு 60 தாண்டினாலே நாள்பட்ட சளியிருமல் கூடுதலாக இருந்தது என்றார். அந்தக் கணக்கில் அம்மா 60ஐத் தாண்டும்போது அவளுக்கு முப்பத்தொரு வயதுதான்.

அப்புறம் ஸ்பைரோமெட்ரி என்கிற மூச்சுச் சோதனை. மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாய் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து ஒரேயடியாக ஊத வேண்டும், ஆறு நொடியாவது விடாமல். சோதனை எடுக்கிற பிள்ளை "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்துகிறாள். அம்மா இருமிக்கொண்டே, "ஊதுததத்தானே இத்தன வருஷமாச் செஞ்சேன்" என்றாள். அந்தப் பிள்ளை சிரித்தது. நான் வெளியே போய் நின்றேன்.

ஊதியதில் முதல் ஒரு நொடியில் வந்த காற்றை, மொத்தம் வந்த காற்றால் வகுப்பார்கள். 0.70க்குக் கீழே போனால் குழாய் அடைபட்டிருக்கிறது. மருந்தை உறிஞ்சச் சொல்லி, கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் நன்றாக ஏறிவிடும். அம்மாவுக்கு மருந்துக்குப் பிறகும் 0.58. சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று டாக்டர் எழுதினார். புகை பிடிப்பவர்களுக்கு வருமே, அதேதான். வாழ்நாளில் ஒரு பீடி பற்றவைக்காதவளுக்கு. விறகுப் புகை மூச்சுக்குழாயை உள்ளே தடிக்க வைத்துச் சுருக்கிவிடுகிறது, சளியை மேலே தள்ளுகிற மயிர்போன்ற இழைகளைக் கெடுக்கிறது, அதனால் இருமித்தான் துப்ப வேண்டும் என்றார். போனது திரும்பாது. இன்ஹேலரும் புகையை விட்டு விலகுவதும் மேற்கொண்டு போகிற வேகத்தைக் குறைக்கலாம், மூச்சு வாங்குவதைக் குறைக்கும். அவ்வளவுதான்.

இப்போது வருவீர்கள், தெரியும்.

"உங்க அம்மா பீடி சுத்துனவங்கதானே, புகையிலைத் தூசியா இருக்கும்." ஆமாம், சுற்றினாள், எங்கள் பக்கம் சுற்றாத வீடு எது? டாக்டரும் அதைக் குறித்துக்கொண்டார். தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பீடித்தட்டை மடியில் வைத்தபடியே அடுப்பையும் பார்த்தவள் அவள். அந்தத் தூசியையாவது ஒத்துக்கொள்கிற நீங்கள், புகையை மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?

"கேஸ் கம்பெனிக்கு விளம்பரமா?" இதற்குப் பதில் கிடையாது. போங்கள்.

"கேஸ் கொடுத்தும் பிரயோஜனம் இல்லைன்னு பெரிய ஆராய்ச்சியே வந்திருக்கு." இது ஒன்றுதான் படித்துவிட்டு வந்த கேள்வி. நான்கு நாடுகளில், இந்தியாவில் நம் தமிழ்நாட்டில், சுமார் 3200 கர்ப்பிணிகளை எடுத்து, பாதிப் பேருக்கு கேஸும் அடுப்பும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சுவாசித்த நுண்துகள் அளவு நன்றாகக் குறைந்தது. பிறந்த குழந்தையின் எடை கூடவில்லை, ஒரு வயதுக்குள் வருகிற கடும் நிமோனியாவும் குறையவில்லை. உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அது ஒன்றரை வருஷக் கணக்கு, சிசுக்களின் கணக்கு. நாற்பத்திரண்டு வருஷம் ஊதியவளின் நுரையீரலுக்கு அதில் பதில் தேடாதீர்கள்.

"டவுன்ல வாகனப் புகை இல்லையா, கிராமத்துக் காத்து எவ்வளவு சுத்தம்!" இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் நானே நம்பி ஏமாந்தேன். என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ராத்திரி இருமல், ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை. நாங்கள் இருப்பது திருநெல்வேலி வண்ணார்பேட்டை, மெயின் ரோட்டைப் பார்த்த வீடு. காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் மாலையில் விரலில் கறுப்பு. பஸ்ஸும் லாரியும்தான் காரணம் என்று முழுப்பரீட்சை லீவுக்கு ஊருக்கு அனுப்பினேன். அங்கே பேரனுக்குக் குளிக்க வெந்நீர் வேண்டாமா? கொல்லையில் கல்லுக்கூட்டி அடுப்பு, பச்சை மட்டை, படுக்கிற அறை ஜன்னலுக்கு நேர் கீழே. போதாததற்கு என் அம்மா அடுப்படியில் இருந்தால் இவன் அவள் மடியில். மூன்றாம் நாள் ராத்திரி இழுப்பு. முக்கூடலில் நெபுலைசர் வைத்து, விடியற்காலை வண்டி பிடித்து வந்தோம்.

அவனுக்கு ஆஸ்துமா. புகைதான் அதை உண்டாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்லவில்லை. கிளப்பிவிட்டது புகை, இங்கே ரோட்டுப் புகை, அங்கே மட்டைப் புகை. பிள்ளைகளுக்குக் குழாயே சின்னது, கொஞ்சம் வீங்கினாலும் அடைக்கும். எடைக்குத் தகுந்தபடி பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். ரோட்டில் புகை பரவிப் போக வானம் இருக்கிறது. அடுப்படியில் எங்கே போகும்? நுண்துகள் ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்பது நம் அரசு வைத்த அளவு, உலக சுகாதார நிறுவனம் 15 என்கிறது. மூடிய அடுப்படியில் விறகு எரியும் நேரத்தில் அது நூற்றுக்கணக்கில் போகும், ஆயிரத்தையும் தொடும். ரோட்டுக்குக் கருவி வைக்கிறார்கள். அம்மாவின் அடுப்படிக்கு யார் வைத்தார்கள்?

கேஸ் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அத்தான். பல வருஷமாக இருக்கிறது. டீக்கும் பாலுக்கும், விருந்தாளி வந்தால் அவர்களுக்கும். சோறு வடிக்க, மாட்டுக்குக் காய்ச்ச, வெந்நீருக்கு விறகு. சிலிண்டர் தீர்ந்துவிடும் என்கிற பயம். அதுகூடப் பரவாயில்லை, மீன்குழம்புக்கு விறகடுப்புதான் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாம்தான். லீவுக்கு வந்து இறங்கியதும், "அத்தே, வெறகடுப்புல வச்ச கொழம்பு மாதிரி வராது" என்று நீங்கள் சொல்லவில்லையா? மூக்கில் தண்ணீர் வழிய அவள் ஊதி வைத்தாள், நாம் தார்சாவில் உட்கார்ந்து இன்னும் ஒரு கரண்டி கேட்டோம். அவள் இருமினால், "தண்ணியக் குடிம்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தோம்.

அத்தானை மட்டும் சொல்லி என்ன. 2019 பொங்கலுக்கு நானே ஒரு படம் போட்டிருந்தேன். அடுப்புக்கு முன்னால் அம்மா, சுற்றிலும் புகை, அதில் காலை வெயில் கோடு கோடாக விழுகிறது. "அம்மாவின் கைமணம்" என்று மேலே எழுதி. நானூறு லைக். என் எல்லாப் படத்திலும் அதுதான் அதிகம். போன வாரம் முகநூல் அதை ஞாபகப்படுத்தியது. பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிக்கிறாள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கண்ணை இடுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறாள்.