"பணம்" என்று சொல்லும்போது உதடு ஒட்டவில்லை

ஜூன் மழையில் கன்னியாகுமரி மாவட்டத்து அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டு நின்றுபோயிருந்த நேரம். ஷீட் விற்ற காசு கொஞ்சம் மாமா கையில் இருந்தது. வேலையில்லாத கையில் போன் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஒரு வீடியோவைக் காட்டி, "மக்களே, இதுல கொஞ்சம் பைசா போட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டார்.

வீடியோவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். மூலையில் ஒரு செய்திச் சேனலின் முத்திரை, கீழே ஓடும் செய்தி வரி. 21,000 ரூபாய் போட்டால் மாதாமாதம் லட்சக்கணக்கில் வரும், அரசே பொறுப்பு என்று தமிழில் சொல்கிறார். குரல் அவர் குரல் மாதிரியேதான் இருந்தது. மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை பார்த்தபோது எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

இதைத்தான் இப்போது செய்திகளில் டீப்ஃபேக் என்கிறார்கள். ஆழ்போலி என்றும் எழுதுகிறார்கள். ஆழமாக ஏமாற்றுவதால் வந்த பெயர் இல்லை இது. கணினிக்கு ஆயிரக்கணக்கான படங்களையும் ஒலிகளையும் காட்டிப் பழக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் டீப் லேர்னிங் என்று பெயர். அந்த டீப்போடு போலி என்னும் ஃபேக் சேர்ந்துகொண்டது. 2017 கடைசியில் ரெட்டிட் தளத்தில் ஒருவர் இதையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டு, நடிகைகளின் முகத்தை வேறு வீடியோக்களில் ஒட்டிப் போட்டார். ஆள் பெயர் சரக்குக்கும் பெயராகிவிட்டது.

அந்த முகமாற்று வகை நமக்கு நன்றாகத் தெரிந்ததே. 2023 நவம்பரில் ரஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் வருவதுபோல ஒரு வீடியோ சுற்றியதே, அது. லிஃப்டுக்குள் நுழையும் முதல் நொடியை நிறுத்திப் பார்த்தால் அசல் பெண்ணின் முகம் தெரியும். அடுத்த கணம் ரஷ்மிகா ஆகிவிடும்.

ஆனால் செய்தி என்ற பெயரில் நம் போனுக்கு வரும் பண மோசடி வீடியோக்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் வேறு வகை. அங்கே முகத்தை மாற்றுவதே இல்லை. உண்மையாக நடந்த ஒரு பேட்டியை எடுத்துக்கொள்கிறார்கள். ஆள், சேலை, மைக், பின்னால் இருக்கும் திரை எல்லாம் அசல். குரலை மட்டும் போலியாகச் செய்து, அதற்கு ஏற்றபடி மூக்குக்குக் கீழே வாயை மட்டும் புதிதாக வரைகிறார்கள். வீடியோவில் ஒரு நொடிக்கு 25 படம் என்றால் 25 படத்திலும் வேறு வேறு வாய். "அமைச்சர் முகம் அச்சு அசலா இருக்கே" என்று மாமா சொன்னது அதனால்தான். அந்த முகம் அசலேதான்.

வாய் வரையும் இந்த வித்தையில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. 2020இல் ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் வேவ்-டு-லிப் என்று ஒரு மென்பொருளை வெளியிட்டார்கள். மொழி மாற்றிய பேச்சுக்கு உதடு பொருந்த வைக்கலாம் என்பது போன்ற நல்ல வேலைகளுக்காகத்தான். அது முகத்தை வெறும் 96க்கு 96 புள்ளி அளவில் வரைந்து, பெரிய வீடியோவின் மேல் இழுத்து ஒட்டும். சின்னப் படத்தை ஃப்ளெக்ஸ் போர்டு அளவுக்கு இழுத்தால் எப்படி இருக்கும்? வாய்ப்பகுதி அப்படித்தான் மங்கும். புருவத்து முடி எண்ணலாம் போல இருக்கும், பற்கள் மட்டும் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரியும்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வீடியோ மங்கலாக இருப்பது அடையாளமே இல்லை. பத்துப் பேர் கை மாறி வாட்ஸப்பில் வந்த எந்த வீடியோவும் மங்கித்தான் போகும், நம் வீட்டுக் கல்யாண வீடியோ உட்பட. ஆனால் அந்த மங்கல் கண், கன்னம், வாய் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கண் தெளிவாக இருந்து வாய் மட்டும் மங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, வீடியோவைக் கால் வேகத்தில் ஓடவிட்டேன். எங்கே என்ன சொல்கிறார் என்பது முன்பே கேட்டு மனதில் இருந்தது. தமிழில் ப, ம இரண்டையும் உதடு ஒட்டாமல் சொல்ல முடியாது. கண்ணாடி முன் நின்று "பணம்" என்று சொல்லிப் பாருங்கள். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை உதடு ஒட்டும். அந்த வீடியோவில் "பணம்", "மாதம்" வந்த இடங்களில் பல தடவை உதடு ஒட்டவே இல்லை, சும்மா நெருங்கிவிட்டுப் பிரிந்தது. இன்னொன்று, குரல் உற்சாகமாக வாக்குறுதி கொடுக்கும் நேரத்தில் அவர் தலை குனிந்து காகிதத்தைப் பார்க்கிறார். தலையும் புருவமும் அசல் பேச்சுக்கு ஆடுகின்றன, வாய் மட்டும் போலிப் பேச்சுக்கு ஆடுகிறது.

"கண் சிமிட்டவில்லை என்றால் போலி" என்று இன்னும் ஃபார்வர்டு வருகிறது. அது 2018இல் ஆய்வாளர்கள் கண்டு சொன்ன அடையாளம். சீக்கிரமே போலி செய்கிறவர்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள். இந்த வகையில் கண் அசல் என்பதால் சிமிட்டத்தானே செய்யும்? நான் மேலே சொன்ன பல் மங்கலுக்கும் ஆயுள் குறைவுதான். புதிய மென்பொருள்கள் பல்லைத் தெளிவாகவே வரைகின்றன.

ஆகவே உதட்டைப் பார்ப்பது சந்தேகம் வர மட்டும் போதும். முடிவு கட்ட அசலைக் கண்டுபிடிக்க வேண்டும். வாய் மட்டும் மாறியிருக்கிறது என்றால் மீதி வீடியோ எங்கோ இருக்க வேண்டும் அல்லவா? முகம் தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். சேனல் முத்திரையையும் கீழே ஓடும் வரியையும் வெட்டிவிட்டு, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டேன். முத்திரையோடு போட்டால் அது முத்திரையைத்தான் தேடும். இரண்டாவது முயற்சியில் ஒரு பழைய செய்தியாளர் சந்திப்பு கிடைத்தது. அதே சேலை, அதே மைக் வரிசை, அதே தலை குனிவு. பேச்சு மட்டும் ஆங்கிலத்தில், முதலீட்டுத் திட்டம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டபோது மாமா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கட்டன்சாயா போட்டுக்கொண்டு வந்தார்.

நிதியமைச்சரை வைத்துச் செய்த இப்படிப்பட்ட வீடியோக்கள் போலி என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகமே பல தடவை மறுத்திருக்கிறது. அது மாமாவின் குடும்ப குரூப் வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். (பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கணக்கிலிருந்து பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வழி இருக்கும்.)

லென்ஸில் அசல் கிடைக்காத நேரமும் உண்டு. அப்போது முத்திரை எந்தச் சேனலுடையதோ அவர்களின் சொந்த யூடியூப் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பார்ப்பேன். நிதியமைச்சர் ஊருக்கே லட்சம் தருவதாகச் சொன்னால் அது ஒரே ஒரு வாட்ஸப் வீடியோவில் மட்டுமா வரும்?

இப்போது மாமா உதட்டு நிபுணர் ஆகிவிட்டார். போன வாரம் காலையிலேயே போன். "மக்களே, ஒண்ணு அனுப்பியிருக்கேன் பாரு. ஒரு இடத்துல கூட உதடு ஒட்டல, முழுக் கள்ளம்!" திறந்து பார்த்தேன். மலையாளத்தில் ஒரு ரப்பர் விவசாயியின் பேட்டி, தமிழில் டப்பிங் செய்தது. பல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. உதடும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, மலையாளத்துக்கு. யாரும் அந்த வாயைத் தொடவில்லை, குரலை மட்டும் மேலே ஏற்றியிருந்தார்கள்.

சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இவன் சொல்ற மருந்தை மரத்துக்கு அடிக்கலாமா?" என்றார். அது எனக்குத் தெரியாது மாமா, ரப்பர் போர்டு ஆபீசில் கேளுங்கள் என்றேன்.