730 சதவீதம் யார் கொடுத்த பணம்?

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் தம்பி (சித்தப்பா மகன்) தனியாகக் கூப்பிட்டு போனைக் காட்டினான். மாந்தோப்புக் குத்தகைக்கு வந்த அட்வான்ஸில் ஒரு லட்ச ரூபாயை எடுத்து, இரண்டு மாசத்துக்கு முன்னால், காயின்களை ஒரு தளத்தில் போட்டு வைத்து டோக்கன் சம்பாதிக்கும் கிரிப்டோ ஈல்டு ஃபார்மிங்கில் போட்டிருக்கிறான். போட்ட அன்றைக்குத் திரையில் இருந்த ஏபிஆர், அதாவது வருஷக் கணக்கில் வரவு வீதம், 730 சதவீதம். ஒரு டெலிகிராம் குழுவில் அதை "தினசரி வட்டி" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. அது வட்டியே இல்லை.

முதலில், இந்தப் பணத்தை எதற்குக் கொடுக்கிறார்கள்? இரண்டு காயின்களை மாற்றிக்கொள்ள, இரண்டும் சேர்ந்த ஒரு பொதுக் கையிருப்பு, அதாவது பூல், வேண்டும். அதில் சரக்கு நிறைய இருந்தால்தான், பெரிய தொகையை மாற்ற வருபவருக்கு விலை சறுக்காமல் கிடைக்கும். ராயக்கோட்டையில் யாராவது புதிதாகத் தக்காளி மண்டி போட்டால் என்ன ஆகும்? லோடு வராமல் வியாபாரி வரமாட்டார், வியாபாரி இல்லாமல் விவசாயி லோடு இறக்கமாட்டார். காயின் மாற்றும் தளமான டெக்ஸ் புதிதாக வந்தால் அதற்கும் அதே சிக்கல்தான். அதனால் பூலில் பணம் போடுகிறவர்களுக்கு, வர்த்தகக் கட்டணத்தில் பங்கு போக, தன் சொந்த டோக்கனையும் அச்சடித்துக் கூடுதலாகக் கொடுக்கிறது.

தம்பியின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். எளிதாக இருக்கட்டும் என்று எண்களைச் சுற்றி, ரூபாயில் சொல்கிறேன்.

அந்தப் பூலுக்கு ஒரு நாளைக்கு 10,000 டோக்கன். ஒரு டோக்கன் 10 ரூபாய், ஆக தினம் ஒரு லட்ச ரூபாய். பூலில் மொத்தம் 50 லட்சம், அதில் தம்பியின் பங்கு 2 சதவீதம். தினம் 200 டோக்கன், அதாவது 2,000 ரூபாய். ஒரு நாளைக்கு 2 சதவீதம் என்பதை 365 ஆல் பெருக்கினால் 730 வருகிறது. திரையில் இருந்த எண் அவ்வளவுதான்: இன்றைய விலை, இன்றைய கூட்டம், இன்றைய அச்சடிப்பு மூன்றும் ஒரு வருஷம் அப்படியே நிற்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட பெருக்கல்.

இப்போது வரவைப் பாருங்கள். அந்தப் பூலில் ஒரு நாளைக்கு 10 லட்ச ரூபாய்க்கு வியாபாரம் நடக்கிறது என்றால், 0.3 சதவீதக் கட்டணத்தில் உள்ளே வருவது 3,000 ரூபாய். டோக்கனாகக் கொடுப்பதோ ஒரு லட்சம். அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வருகிறது? டெக்ஸ் சம்பாதிக்கவில்லை. தினமும் அச்சாகும் 10,000 டோக்கனில் ஃபார்மிங் செய்பவர்கள் விற்பதையெல்லாம், யாரோ ஒருவர் அதே 10 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் டோக்கன் கைக்கு வந்ததும் விற்பவர்கள். அப்படியென்றால் வாங்குவது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் விலை இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இறங்கியது. 730 சதவீதத்தைப் பார்த்துப் புதுப் பணம் வந்ததில் முதல் வாரத்திலேயே பூல் நான்கு மடங்காகிவிட்டது. தம்பியின் பங்கு அரை சதவீதமாகி, தினம் 50 டோக்கனுக்கு வந்தது. அச்சடிக்கும் அளவு அதேதான், பங்கு போட ஆட்கள்தான் அதிகம். கிடைத்ததை எல்லோரும் விற்றதில் விலை 4 ரூபாய்க்கு வந்தது. தினம் 2,000 ரூபாய் 200 ஆனது. ஆறு வாரம் கழித்து, முன்பே அறிவித்திருந்த திட்டப்படி அச்சடிப்பைப் பாதியாக்கினார்கள். அப்புறம் விலை ஒரு ரூபாய். இப்போது தினம் 25 ரூபாய்.

"வரவு குறைஞ்சா குறையுதுண்ணா, அசல் பூல்லயே இருக்கு இல்ல?" என்றான் தம்பி.

இங்கேதான் வலி. அவன் போட்டது அந்த டோக்கனும், டாலர் விலையை ஒட்டி நிற்கும் யூஎஸ்டிடி காயினும் சேர்ந்த பூல். 50,000 ரூபாய்க்கு யூஎஸ்டிடி, மீதி 50,000-க்கு 5,000 டோக்கன். இந்த வகைப் பூலில் இரண்டு பக்க அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறாதபடி கணக்கு ஓடும். விற்கிறவர்கள் பூலுக்குள் டோக்கனைக் கொட்டி யூஎஸ்டிடியை எடுத்துக்கொண்டு போவார்கள். விலை பத்தில் ஒன்றானபோது தம்பியின் பங்கில் யூஎஸ்டிடி 15,800 ரூபாய்க்குத்தான் இருந்தது. டோக்கனோ 5,000-லிருந்து 15,800 ஆகியிருந்தது. மற்றவர்கள் விற்றுத் தள்ளியதை அவனுடைய பணம்தான் வாங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 31,600 ரூபாய். பூலில் போடாமல் சும்மா வைத்திருந்தால்கூட 55,000 இருந்திருக்கும். இரண்டு மாசத்தில் சேர்ந்த டோக்கன் சுமார் 2,800, அதையும் விற்காமல் வைத்திருந்ததால் 2,800 ரூபாய்.

இத்தனைக்கும் அன்றைக்குத் திரையில் ஏபிஆர் 29 சதவீதம் என்று பச்சை எழுத்தில் இருந்தது! 31,600 ரூபாய்க்கு தினம் 25 ரூபாய் என்றால் 29 சதவீதம் சரிதான். அசல் கரைந்ததும் அந்தக் கணக்கில் வகுக்கும் எண் சிறிதாகிவிடுகிறது, சதவீதம் நன்றாகத் தெரிகிறது. போட்ட பணத்துக்கு என்ன ஆயிற்று என்று அந்த எண் எப்போதும் சொல்லாது.

இதெல்லாம் சின்ன டெக்ஸில் மட்டும் நடப்பது என்று சிலர் சொல்வார்கள். 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற பெரிய டெக்ஸ் நான்கு பூல்களுக்கு, பூலுக்கு 50 லட்சம் யூனி டோக்கன் வீதம், இரண்டு மாசம் கொடுத்தது. நவம்பர் 17-ஆம் தேதி அது முடிந்தது. முடிந்த கையோடு பூல்களில் இருந்த பணத்தில் பெரும்பகுதி கிளம்பிவிட்டது. அதே நான்கு பூல்களுக்கு, போட்டி டெக்ஸான சுஷிஸ்வாப் தன் டோக்கனைக் கொடுக்க முன்வந்திருந்தது, பணம் அங்கே போனது. அந்த சுஷிஸ்வாப்பே ஆகஸ்டில் தொடங்கியபோது, பிளாக்செயினில் சேரும் முதல் ஒரு லட்சம் பிளாக் வரை பிளாக்குக்கு 1,000 சுஷி, அதன் பிறகு 100 என்றுதான் எழுதி வைத்திருந்தது. சுமார் இரண்டு வாரத்தில் பத்தில் ஒன்று. யாரும் மறைக்கவில்லை, ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

யூனிஸ்வாப் அதற்குப் பிறகும் நின்றது. டோக்கன் இல்லாவிட்டாலும் அங்கே மாற்ற வரும் ஆட்கள் இருந்தார்கள், 0.3 சதவீதக் கட்டணம் பூலில் பணம் போட்டவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. அதனால் டோக்கன் கொடுப்பதே மோசடி என்று நான் சொல்லமாட்டேன். மண்டிக்கு முதல் சீசனில் லோடு வரவைக்கிற செலவு அது. அந்தச் செலவை வருமானம் என்று நம் ஊர்ப் பையன்களிடம் விற்பதுதான் தப்பு.

யாராவது இப்போது பணம் போடும் யோசனையில் இருந்தால், கட்டணத்தில் வருவது எவ்வளவு, டோக்கனில் வருவது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பல தளங்கள் இரண்டையும் தனித்தனியாகவே காட்டுகின்றன. டோக்கன் பக்கத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு, மீதிக்கு அந்த ரிஸ்க்கை எடுப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கிற டோக்கனே பூலின் ஒரு பாதியாகவும் இருந்தால் தம்பிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். இன்னொன்று, நம் வரிச் சட்டத்தில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி உண்டு, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

தம்பி அன்று சாயங்காலமே பூலிலிருந்து எடுத்துவிட்டான். யூஎஸ்டிடி வாலெட்டுக்கு வந்தது, கூடவே 15,800 டோக்கனும், சேர்த்து வைத்திருந்த 2,800-ம்.

"இந்த டோக்கனை வச்சிருக்கட்டுமாண்ணா? திரும்ப ஏறுமா?"

"நாளைக்கு எத்தனை அச்சடிப்பாங்க?" என்று கேட்டேன்.

"ஐயாயிரம்."

"வாங்கறது யாரு?"

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் விற்கும் பக்கத்தைத் திறந்தான்.