சுகர் 190 இருந்தால் ஆபத்தில்லை என்று யார் சொன்னது?

சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மா வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார், ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “சுகர் 190தானே, வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பியதில் என்ன தப்பு” என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தப்புதான். அவர் சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறவர். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் வாந்தியோடு வந்தால், விரல் நுனியில் பார்த்த சுகரை மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சிறுநீரகம் வடிகட்டும் சர்க்கரையில் பெரும்பங்கை எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம்தான் திரும்ப ரத்தத்துக்கு இழுக்கிறது. மாத்திரை அதை அடைத்துவிடும். நாளுக்கு சுமார் 60 முதல் 80 கிராம் சர்க்கரை சிறுநீரில் போய்விடும். இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலம் சேரும்போதும் இதே கதைதான். சர்க்கரை வழிந்துவிடும், அமிலம் தங்கிவிடும். மீட்டரில் 190தான் காட்டும்.

அவர் சஷ்டி விரதம் இருந்தார். சுகர் லோ ஆகிவிடுமோ என்று இன்சுலினைப் பாதியாக்கினார். மாத்திரையை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு. கேஸ் டிரபிள் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறொரு ஆஸ்பத்திரியில் ரத்தக் கீட்டோன் 5.2, பிஹெச் 7.1, அதாவது ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது. கீட்டோன் 0.6-க்குக் கீழே இருக்க வேண்டும், 3 தாண்டினாலே ஆபத்து. ஒரு சொட்டு ரத்தத்தில் கீட்டோனைப் பார்த்திருந்தால் முதல் ஆஸ்பத்திரியிலேயே தெரிந்திருக்கும். சிறுநீரில் கீட்டோன் இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது, ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

“நல்ல மாத்திரையைப் பற்றிப் பயமுறுத்துகிறீர்கள்” என்கிறார்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரை என்பதை நான் எங்கே மறுத்தேன்? டைப் 2 சர்க்கரையில் இந்தச் சிக்கல் அபூர்வம்தான். ஆனால் வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாட்களில் மாத்திரையை நிறுத்த வேண்டும், விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும், ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், இன்சுலினை மட்டும் அடியோடு நிறுத்தக் கூடாது. இவ்வளவையும் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடலாம். சொல்வதில்லை, அதுதான் வலிக்கிறது.

இந்த மாத்திரையால் வரும் பிறப்புறுப்பு அரிப்பைப் பற்றியும் யாரும் சொல்வதில்லை. சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் அங்கே பூஞ்சை வளரும். பெண்களுக்குத் தயிர்த்திப்பி போல வெள்ளைப்படும், ஆண்களுக்கு முன்தோல் சிவந்து வெடிக்கும். காரணம் தெரியாமல் எத்தனை பெண்கள் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள்! சிறுநீர் கழித்ததும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும், பாதித் தொல்லை குறையும். வந்துவிட்டாலும் பெரும்பாலும் குளோட்ரிமசோல் கிரீமில் சரியாகிவிடும். ஆனால் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையில் வீங்கிச் சிவந்து, கடும் வலியும் காய்ச்சலும் இருந்தால் கிரீம் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.