நகைச்சீட்டு ஃபார்வர்டு: அந்த 5 லட்சம் யாருக்கு?

"நகைக்கடை சீட்டுல தைரியமா சேருங்க, ஜிஎஸ்டி நம்பரும் ஹால்மார்க் லைசென்ஸும் இருக்குற கடைன்னா மூடிட்டாலும் ரிசர்வ் பேங்க் 5 லட்சம் வரை திருப்பி தரும்."

இது தப்புங்க. அந்த 5 லட்சம் பேங்க் டெபாசிட்டுக்கான இன்சூரன்ஸ், நகைக்கடைக்கு கிடையாது. ஜிஎஸ்டி வரிக்கு, ஹால்மார்க் தங்கத்தோட சுத்தத்துக்கு, ரெண்டும் உங்க தவணைப் பணத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது. சீட்டு ஏன் பெரும்பாலும் 11 மாசம்னா, கம்பெனி சட்ட விதிப்படி பொருளுக்கு வாங்குற அட்வான்ஸை 365 நாளுக்குள்ள சரிகட்டிட்டா அது டெபாசிட் கணக்குல வராது, அதனால கடை மூடினா கடை பணம் தர வேண்டியவங்க வரிசையில நீங்களும் ஒருத்தர், அவ்வளவுதான்.

திருச்சி பிரணவ் ஜுவல்லர்ஸ் வழக்குல, அதிக லாபம் தர்றதா சொல்லி 100 கோடி ரூபா வசூல் பண்ணதா 2023 நவம்பர்ல அமலாக்கத்துறையே சொல்லுச்சு. நகைக்கடை வட்டி தர்றேன்னு சொன்னாலே அங்க சேராதீங்க.

கடை கம்பெனியா இருந்தா mca.gov.in போய் பேரைப் போடுங்க, எப்ப ஆரம்பிச்சது, கடைசியா எந்த வருஷ பேலன்ஸ் ஷீட் தாக்கல் பண்ணாங்க, சொத்து மேல எவ்வளவு கடன் பதிவாகியிருக்குன்னு தெரியும். ரெண்டு வருஷமா கணக்கே தாக்கல் பண்ணாம புதுப்புது கிளை திறக்குற கடைன்னா எனக்கு பயம்தான். அப்புறம் ஏற்கனவே சீட்டு முடிச்சவங்ககிட்ட, சொன்ன தேதிக்கு நகை கொடுத்தாங்களான்னு கேளுங்க.

அந்த மெசேஜை தயவுசெஞ்சு இனி யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்புன குரூப்ல இதைப் போட்டுடுங்க.