பிஎம்எல்ஏ கேஸ்ல பெயில் ஏன் கிடைக்க மாட்டேங்குது? செந்தில் பாலாஜி கேஸை வச்சே பாக்கலாம்

ஈடி, அதாவது அமலாக்கத்துறை, ஒருத்தரை அரெஸ்ட் பண்ணா ரெண்டு பக்கமும் சண்டைதான். ஒரு பக்கம் “திருடன் உள்ளயே கிடக்கட்டும்”, இன்னொரு பக்கம் “பழிவாங்கல்”. நடுவுல பிஎம்எல்ஏ சட்டத்துல செக்‌ஷன் 45னு ஒண்ணு இருக்கு, அது என்ன பண்ணுதுன்னு யாரும் பேச மாட்டேங்குறாங்க. கட்சி பாக்காம இத படிங்க, கமெண்ட்ல கட்சிச் சண்டை போட்டா பதில் சொல்ல மாட்டேன்.

சாதாரண கேஸ்ல ஜட்ஜ் முக்கியமா பாக்குறது மூணு விஷயம். ஆள் ஓடிப்போயிடுவாரா, சாட்சிய மிரட்டுவாரா, ஆதாரத்த அழிப்பாரா. மூணுக்கும் இல்லைன்னு தோணுனா பெரும்பாலும் பெயில்தான். பணமோசடி தடுப்புச் சட்டத்துல, அதாவது பிஎம்எல்ஏல, இது பத்தாது. அரசு வக்கீல் எதிர்த்தாருன்னா ஜட்ஜ் இன்னும் ரெண்டு விஷயத்துல திருப்தி ஆகணும்: இவர் குற்றவாளி இல்லைன்னு நம்ப நியாயமான காரணம் இருக்கு, வெளிய போனா எந்தக் குற்றமும் பண்ண மாட்டாரு. கோர்ட்ல இத இரட்டை நிபந்தனைன்னு சொல்லுவாங்க. பெண்கள், 16 வயசுக்குக் கீழ உள்ளவங்க, நோயாளிங்க, ஒரு கோடிக்குக் கீழ உள்ள கேஸ், இதுக்கெல்லாம் சட்டத்துலயே கொஞ்சம் தளர்வு இருக்கு, மத்தவங்களுக்கு இல்ல.

2017ல உச்ச நீதிமன்றம் இது செல்லாதுன்னு அடிச்சுது. 2018ல நாடாளுமன்றம் திருத்தம் கொண்டு வந்து திரும்ப உயிர் குடுத்துச்சு, 2022 ஜூலைல விஜய் மதன்லால் தீர்ப்புல மூணு ஜட்ஜ் பெஞ்ச் அது சரிதான்னு சொல்லிடுச்சு.

இப்ப ஒரு செஷன்ஸ் ஜட்ஜோட இடத்துல உக்காந்து பாருங்க. சாட்சி யாரையும் இன்னும் விசாரிக்கல, குறுக்கு விசாரணை நடக்கல, கையில இருக்கறது ஈடி தாக்கல் பண்ண புகாரும் அவங்களே வாங்குன வாக்குமூலமும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும்தான். இத வச்சுக்கிட்டு “இவர் குற்றம் பண்ணலன்னு நம்ப காரணம் இருக்கு”ன்னு கையெழுத்து போட்டு எழுதணும். எந்த ஜட்ஜ் எழுதுவாரு? நாளைக்கு தண்டனை வந்தா அந்த ஆர்டர எடுத்து காட்டுவாங்க. மறுத்துட்டா ஒரு பிரச்சனையும் இல்ல, மேல போய் பாத்துக்கோன்னு விட்டுடலாம். டெல்லி துணை முதல்வரா இருந்த மணீஷ் சிசோடியாவுக்கு பெயில் குடுத்தப்ப உச்ச நீதிமன்றமே, கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் பெயில் விஷயத்துல பாதுகாப்பா ஆடப் பாக்குறாங்கன்னு வெளிப்படையா எழுதுச்சு.

சரி, செந்தில் பாலாஜி கேஸ். 2011 முதல் 2015 வரைக்கும் அவர் போக்குவரத்து மந்திரியா இருந்தப்ப, போக்குவரத்துக் கழகத்துல வேலை வாங்கித் தர்றதா பணம் வாங்குனாங்கன்னு குற்றச்சாட்டு. அதுல போலீஸ் போட்ட கேஸ் மூலக் குற்றம், அதாவது பணம் எதுல வந்துச்சோ அந்தக் குற்றம், அத வச்சு ஈடி போட்டது பிஎம்எல்ஏ கேஸ். 2023 ஜூன் 14 அரெஸ்ட். செஷன்ஸ் கோர்ட் மறுத்துச்சு, ஹைகோர்ட்டும் மறுத்துச்சு. 2024 பிப்ரவரில ஹைகோர்ட் ரெண்டாவது தடவை மறுக்கும்போது, மூணு மாசத்துல விசாரணைய முடிங்கன்னு கீழ்க் கோர்ட்டுக்கு உத்தரவு போட்டுச்சு.

இங்கதான் கணக்கு இடிக்குது. மூலக் குற்றத்துல விடுதலை ஆயிட்டா பணமோசடி கேஸே நிக்காது, அதனால மூலக் கேஸ் முடியாம பிஎம்எல்ஏ கேஸுக்கு இறுதி முடிவு சொல்ல முடியாது. அந்த மூலக் கேஸ்கள்ல குற்றம் சாட்டப்பட்டவங்களே 2000 பேருக்கு மேல, ஏன்னா பணம் குடுத்து வேலைக்கு முயற்சி பண்ணவங்களையும் சேர்த்துட்டாங்க. சாட்சிங்க ஒரு 600 பேர். இதுல மூணு மாசமாம்! 2000 பேருக்கும் சம்மன் போய் சேர்ந்து, ஆளாளுக்கு நகல் குடுத்து, வராதவங்களுக்கு வாரண்ட் போட்டு, குற்றச்சாட்டு பதிவு பண்ணவே எத்தனை வாய்தா போகும்னு கோர்ட் வாசல் ஏறுன யாருக்கும் தெரியும்.

2024 செப்டம்பர் 26ல உச்ச நீதிமன்றம் பெயில் குடுத்துச்சு, நீதிபதிகள் அபய் ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசிஹ். நிறைய பேர் “பாத்தீங்களா, நிரபராதின்னு சொல்லிட்டாங்க”ன்னு போஸ்ட் போட்டாங்க. அப்படி ஒண்ணும் சொல்லல. அக்கவுண்ட்ல 1.34 கோடி ரொக்கமா போட்டதுக்கு, எம்எல்ஏ சம்பளம், விவசாய வருமானம்னு அவர் சொன்ன விளக்கத்த இந்தக் கட்டத்துல ஏத்துக்க முடியாதுன்னுதான் கோர்ட் சொல்லுச்சு. அதாவது இரட்டை நிபந்தனைல அவர் பாஸ் ஆகல. கிடைச்ச காரணம் வேற: மூணு நாலு வருஷத்துல கூட விசாரணை முடிய வாய்ப்பில்ல, அதிகபட்ச தண்டனையே ஏழு வருஷம், கடுமையான பெயில் நிபந்தனையும் இழுத்துக்கிட்டே போற விசாரணையும் ஒண்ணா இருக்க முடியாதுன்னாங்க. 15 மாசம் உள்ள இருந்த பிறகு.

என் கோபம் இதுலதான். கேஸ் பலமா பலவீனமான்னு பாத்து வெளிய வர்றவங்க ரொம்பக் கம்மி, போதுமான காலம் ஜெயில்ல கழிச்சதாலதான் நிறைய பேர் வெளிய வர்றாங்க. அதிகபட்ச தண்டனையில பாதி, முதல் தடவைன்னா மூணுல ஒரு பங்கு கழிச்சா பெயில்னு பொதுச் சட்டத்துல இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி எவ்வளவு “போதுமான காலம்”னு எந்தச் சட்டத்துலயும் எழுதல. உச்ச நீதிமன்றம் வரைக்கும் சீனியர் வக்கீல் வச்சு திரும்பத் திரும்பப் போக முடிஞ்சவருக்கு 15 மாசம், முடியாதவருக்கு எவ்வளவுன்னு நீங்களே யோசிங்க.

அதுக்காக கோர்ட் பயப்படுறது சும்மான்னு சொல்ல மாட்டேன், இதே கேஸ்லயே அதுக்கு காரணம் இருக்கு. பணம் குடுத்து ஏமாந்ததா புகார் குடுத்தவங்க “சமரசம் ஆயிட்டோம்”னு சொல்ல, 2021ல ஹைகோர்ட் ஒரு கேஸயே ரத்து பண்ணுச்சு. லஞ்சக் குற்றத்துல சமரசம்னு ஒண்ணு கிடையாதுன்னு 2022 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவ தள்ளி, கேஸுக்கு திரும்ப உயிர் குடுத்துச்சு. கொலைக் கேஸ் மாதிரி சாட்சிய மிரட்டணும்னு கூட அவசியமில்ல, பணத்த திருப்பிக் குடுத்தா சாட்சி தானா கரைஞ்சிடுவாரு. அப்புறம் பெயில்ல வந்த மூணாவது நாளே திரும்ப மந்திரி ஆனாரு. சாட்சிங்கள்ல அரசு ஊழியர்களும் இருக்கும்போது இது எப்படி இருக்கும்? உச்ச நீதிமன்றமே கடுப்பாகி, பதவியா சுதந்திரமான்னு கேட்டப்புறம்தான் 2025 ஏப்ரல்ல ராஜினாமா. இத பாத்த ஒரு ஜட்ஜ் அடுத்த பெயில் மனுவ எந்த மனநிலையில எடுப்பாரு சொல்லுங்க.

ஆனா இந்த பயத்துக்கு பதில் பெயில் கண்டிஷன்லதான் இருக்கணும். பாஸ்போர்ட்ட வாங்கி வை, வாரத்துக்கு ரெண்டு நாள் ஈடி ஆபீஸ்ல கையெழுத்து போடச் சொல்லு, இதெல்லாம் செந்தில் பாலாஜிக்கு போட்டாங்க. கூடவே “சாட்சிங்க வேலை பாக்குற அரசாங்கத்துல பதவி ஏத்தா பெயில் கேன்சல்”னு முதல் நாளே ஒரு வரி சேர்த்திருந்தா ஏப்ரல் வரைக்கும் இழுத்திருக்காது.

இன்னொண்ணு, முதல் பெயில் மனு வரும்போதே ஈடி வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கணும்: மூலக் கேஸ்ல எத்தன பேர் மேல குற்றச்சாட்டு, எத்தன சாட்சி, எத்தன பக்கம் ஆவணம், இப்ப எந்தக் கட்டத்துல நிக்குது. சிசோடியா கேஸ்ல 2023 அக்டோபர்ல ஆறுலேந்து எட்டு மாசத்துல முடிச்சிடுவோம்னு சொன்னத நம்பி பெயில் மறுத்தாங்க. 2024 ஆகஸ்ட்ல பாத்தா விசாரணையே தொடங்கல, லிஸ்ட்ல 493 சாட்சி. அந்த லிஸ்ட்ட அக்டோபர்லயே கேட்டு வாங்கி, மாசத்துக்கு எத்தன பேர விசாரிப்பீங்கன்னு வகுத்துப் பாத்திருந்தா அந்த எட்டு மாசக் கத அன்னைக்கே நின்னிருக்காது.

(சட்டம் படிச்சவங்க கமெண்ட்ல வாங்க. அந்தப் பதவி கண்டிஷன செக்‌ஷன் 45க்குள்ளயே போட முடியுமா, இல்ல தனியா திருத்தம் வேணுமா? எனக்கு போட முடியும்னுதான் தோணுது.)